மூன்றாவது ட்யூப்

அந்த மருந்துக்கடைக்கு என்று ஒரு சட்டம் இருந்தது. தோலுக்குத் தடவுகிற க்ரீம் எதுவானாலும், டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரே ஆளுக்கு இரண்டு ட்யூப்தான். மூன்றாவது கேட்டால் கிடையாது. தலைகீழாக நின்றாலும் கிடையாது. சட்டத்தைப் போட்டவர் கடை முதலாளி. ஏன் போட்டார் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அதைப் பதினான்கு வருஷமாகக் காப்பாற்றி வந்தவள் கவுண்டரில் நிற்கும் அக்காதான்.

அக்கா என்றால் அந்தத் தெருவுக்கே அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாற்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, மூக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. முகத்தைப் பார்த்தே யாருக்கு இது எத்தனையாவது ட்யூப் என்று சொல்லிவிடுவாள். நோட்டு, கணினி எதுவும் வேண்டாம்.

அன்றும் அப்படித்தான். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற பெண் வந்து, முழங்கையைச் சொறிந்துகொண்டே, "அக்கா, அந்த மஞ்ச டப்பா க்ரீம் ஒண்ணு" என்றாள்.

"இது மூணாவது."

"அதனால என்ன? போடறப்ப நல்லாத்தானே கேக்குது."

"போடறப்ப கேக்குது, விட்டா வருது. அப்படித்தானே? அப்ப அது க்ரீமுக்கு அடங்கற சமாச்சாரம் இல்ல. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வா. சீட்டு எழுதிக் குடுத்தா மூணு என்ன, முப்பது தரேன்."

வேன்காரப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு என்னக்கா, கண்ணாடிக்குப் பின்னால நின்னு சொல்லிடுவீங்க. அரிக்கறது எனக்கில்ல?" என்று சொல்லிவிட்டு, எதிர்வரிசை மருந்துக்கடையைப் பார்த்து நடந்தாள்.

அக்கா மூக்கில் இறங்கிய கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அடுத்த சீட்டை வாங்கினாள். அந்த நேரத்தில் அவளுடைய வலது மார்பின் காம்பு, ரவிக்கைக்குள், தீப்பொறி பட்டதுபோல எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் காலையில் அவள் தடவிக்கொண்டு வந்தது ஏழாவது ட்யூப்.

இதைக் கேட்டு அவளைத் திட்டத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. ஊருக்கெல்லாம் வாய் கூசாமல் புத்தி சொல்கிறவள் தனக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்தாள்? காரணம் இருந்தது. அதற்கு அவள் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவருக்கு வேலை சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில். ஒன்பது மாதம், பத்து மாதம் கடலில். பிறகு மூன்று மாதம் வீட்டில். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. ஒருமுறை கடையில் ஆள் வராத மத்தியானத்தில், அட்டைப்பெட்டியின் ஓரத்தில் அவள் கூட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே கூரையின்கீழ் இருந்த காலம் எல்லாம் சேர்ந்து ஆறு வருஷம்கூடத் தேறவில்லை. அந்த அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டாள். பிள்ளை இல்லை. அதற்காக இரண்டு பேரும் அழுது முடித்து வெகுநாள் ஆகிவிட்டது. ஆனால் அவர் இல்லாததற்கு மட்டும் அவள் அழுது முடிக்கவே இல்லை. ஒவ்வொரு முறை அவர் கிளம்பிப் போன பிறகும் ஒரு வாரத்துக்கு அவருடைய தலையணை உறையைத் துவைக்க மாட்டாள். குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே அவர் விட்டுப்போன சவரக் கத்தியை அடுத்த முறை அவர் வரும்வரை இடம் மாற்ற மாட்டாள். அவர் சட்டை ஒன்றை மடித்து, அலமாரியில் தன் புடவைகளுக்கு நடுவே வைத்திருப்பாள். எதையோ எடுக்கப் போனதுபோல அதைத் தொட்டுவிட்டு வருவாள்.

இத்தனையும் அவருக்குத் தெரியாது. அவர் கிளம்புகிற அன்று அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "போயிட்டு வாங்க." சிரித்த முகமாகச் சொல்வாள். தொலைபேசியில் அவர் கூப்பிட்டால், "இங்க ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பாள். கடலில் இருக்கிற மனுஷனுக்கு வீட்டுக் கவலை எதற்கு? கல்யாணமான புதிதில் எடுத்த முடிவு அது. நல்ல எண்ணத்தில் எடுத்ததுதான். நல்ல எண்ணங்கள் சிலசமயம் ஆளையே கவிழ்த்துவிடும்.

போன முறை அவர் வீட்டில் இருந்த கடைசி வாரத்தில்தான் அது கண்ணில் பட்டது. பார்த்தது அவர்தான்.

"இது என்ன, காம்புல தோல் உரியுது?"

அவள் குனிந்து பார்த்தாள். நுனியில் அரிசிமணி அளவுக்கு வறண்டு, பொருக்குத் தட்டியிருந்தது. சட்டென்று துணியை இழுத்து மூடிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. துணி உரசுது."

"க்ரீம் போடு."

"க்ரீம் கடைக்காரிக்கே சொல்லித் தரீங்களா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான்கு நாளில் அவர் கிளம்பிப் போனார். அவளும் க்ரீம் போட ஆரம்பித்தாள்.

முதலில் வறட்சிக்குப் போடுகிற சாதாரண களிம்பு. பிறகு அரிப்புக்கானது. பிறகு பூஞ்சைக்கானது. பிறகு ஸ்டீராய்டு சேர்ந்த கொஞ்சம் வீரியமானது. வீரியமானதைப் போட்டால் நான்கு நாள் சிவப்பு அடங்கும். ஆஹா என்றிருக்கும். ஐந்தாம் நாள் பழையபடி சிவந்து வந்து நிற்கும். பொருக்கு உதிர்ந்தால் அடியில் ஈரமாக, தோல் உரிந்த மாதிரி இருக்கும். அரிசிமணி அளவில் இருந்தது காம்பு முழுக்கப் பரவி, சுற்றியுள்ள கருவட்டத்திலும் பாதியைப் பிடித்துவிட்டது. இடது பக்கம் பளிச்சென்று இருந்தது. அங்கே ஒரு கீறல்கூட இல்லை.

மூன்றாவது ட்யூப் சட்டம் அவளுக்கும் உண்டுதானே? அதைத் தாண்டத்தான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அந்தக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு மட்டுமே தெரிந்த வழி. கடையின் பின்கட்டில் ஓர் அட்டைப்பெட்டி உண்டு. வரும் வழியில் நசுங்கிய ட்யூப், ஓரம் கிழிந்த அட்டை, இப்படிப்பட்டதை எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவதற்காக அதில் போட்டு வைப்பார்கள். நசுங்கியது ட்யூப்தானே, மருந்து கெடவில்லையே என்று அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போனாள். விற்காத ட்யூபுக்கு எத்தனையாவது என்ற கணக்கு வராது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். மாதத்துக்கு ஒன்றாக க்ரீமின் பெயரை மாற்றினாள். ஒவ்வொரு பெயரும் அவளுக்கு முதல் ட்யூப்தான்.

கடலிலிருந்து அவர் ஒருமுறை கேட்டார். "அந்தப் புண்ணு ஆறிடுச்சா?"

"அது எப்பவோ ஆறிடுச்சு" என்றாள்.

எட்டு மாதம் தாண்டியது. அவர் வர இன்னும் ஏழு வாரம். அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான், அதற்குள் இது ஆறிவிட வேண்டும். அவர் வரும்போது தன் உடம்பு அவர் விட்டுப்போனபடி இருக்க வேண்டும். மூன்று மாதம்தான் கிடைக்கிறது. அதில் ஒரு நாளைக்கூட ஆஸ்பத்திரிக்குத் தாரை வார்க்க அவள் தயாராக இல்லை. அதனால் தினமும் காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஆறுகிறது, ஆறுகிறது என்று சொல்லிக்கொண்டே தடவினாள். ஒருநாள் உள்ளாடையின் உள்பக்கம் ரத்தக் கறை ஒரு பொட்டு அளவுக்கு இருந்தது. சொறிந்துவிட்டேன்போல என்று அதைக் கசக்கிப் போட்டாள். காம்பு முன்போல எழும்பி நிற்காமல் தட்டையாகிக்கொண்டு வருவதையும் கவனித்தாள். கவனித்ததைத் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

வேன்காரப் பெண் கோபித்துக்கொண்டு போன அன்று மத்தியானம், திருப்பி அனுப்புகிற பெட்டியைக் கட்ட முதலாளி பின்கட்டுக்குப் போனார். போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு கவுண்டருக்கு வந்து, அவளுக்குப் பக்கத்தில் நின்றார். அவர் அதிகம் பேசாத மனிதர். பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார்.

"ஏம்மா, நசுங்கின க்ரீம் ட்யூப் ஏழு இருக்கணும். ஒண்ணுகூட இல்ல."

"நான்தான் சார் எடுத்தேன். வேணும்னா..."

"அது கெடக்கட்டும். அதக் கேக்கல. யாருக்கு?"

"எனக்குத்தான். முழங்கையில கொஞ்சம் அரிப்பு."

"காட்டு."

அவள் நீளக் கை ரவிக்கை போட்டிருந்தாள். கையை மடித்துவிட்டால் வழவழவென்ற முழங்கை தெரிந்துவிடும். விரல் ரவிக்கை விளிம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றது. முதலாளி அவள் விரலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். அந்த ஏழு க்ரீமின் பெயர்களும் அவருக்குத் தெரியும். அந்த ஏழும் எந்த வரிசையில் போயிருக்கும் என்பதும் தெரியும். அவள் காட்டக் கூசுகிற இடம் எதுவாக இருக்கும் என்பதும் புரிந்துவிட்டது. மெதுவாகத் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இருமல் மருந்து அலமாரியைப் பார்த்தபடி நின்றார்.

"நான் பாக்கல. நீ அப்படியே நின்னு பதில் சொல்லு. எத்தன மாசம்?"

"எட்டு தாண்டிடுச்சு."

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

அவர் எந்த இடம் என்று கேட்கவே இல்லை. அவளும் சொல்லவில்லை. "ஒரு பக்கம் சார்."

இருமல் மருந்து பாட்டில்களைப் பார்த்தபடியே அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு ஒரு சீட்டை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் மார்பகப் பிரிவு என்று எழுதினார். அங்கே இருப்பது பெண் டாக்டர்தான் என்பதையும் சேர்த்து எழுதினார். கையை மட்டும் பின்பக்கம் நீட்டிக் கொடுத்தார்.

"இன்னிக்கே போ. கடைய நான் பாத்துக்கறேன். உனக்கு நான் மூணாவது ட்யூப் தர மாட்டேன்ம்மா."

அவள் போனாள். பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டே போனாள்.

டாக்டரம்மா அவள் வயதுக்காரிதான். கையைக் கழுவித் துடைத்துவிட்டு இரண்டு மார்பையும், அக்குளையும் விரல் பதித்துப் பொறுமையாகத் தடவிப் பார்த்தார். "கட்டி ஒண்ணும் கைக்குத் தட்டல" என்றார்.

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. "அப்ப வெறும் அரிப்புதானே டாக்டர்?"

"அப்படிச் சொல்லிட முடியாது. இந்த மாதிரி புண்ணுல பாதிப் பேருக்குக் கட்டி தெரியவே தெரியாது. சாதாரண அரிப்புத்தோல்னா பெரும்பாலும் ரெண்டு பக்கமும் வரும். காம்பச் சுத்தி ஆரம்பிக்கும். க்ரீம் போட்டா ரெண்டு மூணு வாரத்துல போயிடும். உங்களுக்கு ஒரே பக்கம். காம்பு நுனியில ஆரம்பிச்சு வெளிய பரவியிருக்கு. க்ரீம் போட்டா அடங்கற மாதிரி ஏமாத்திட்டுத் திரும்ப வருது. இப்படி இருந்தா என் கண்ண நானே நம்ப மாட்டேன். தோலக் கொஞ்சம் எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் தெரியும்."

"எதுன்னு தெரியும்?"

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "புத்துநோயான்னு. அரிப்பு மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு வர்ற வகை ஒண்ணு இருக்கு. அரிதானது. ஆனா இருக்கு. உள்ள பால் குழாய்ல மாறிப்போன செல்லுங்க காம்புத் தோலுக்கு ஏறி வந்து உக்காந்துக்கும். மேல தடவற க்ரீம் உள்ள இருக்கறத ஒண்ணும் பண்ணாது."

அன்றே மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே அழுத்திப் படம் எடுத்தார்கள். ஸ்கேனும் பார்த்தார்கள். படத்தில் காம்புக்கு உள்ளே உப்பு தூவினதுபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. இரண்டு நாள் கழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, காம்பிலிருந்து ஒரு கடுகளவு தோலையும், உள்ளிருந்து ஊசியால் கொஞ்சம் சதையையும் எடுத்தார்கள். வலி பெரிதாக இல்லை. முடிவுக்காகக் காத்திருந்த அந்த ஒரு வாரம்தான் வலித்தது. வீட்டில் அலமாரியைத் திறந்து அவருடைய சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தமுறை எதையோ எடுக்க வந்ததுபோல நடிக்கவில்லை.

முடிவு வந்தது. டாக்டரம்மா சொன்ன வகையேதான். ஆனால் உள்ளே இருப்பது பால் குழாயைத் தாண்டி வெளியே வந்ததாகத் தெரியவில்லை என்றார். "காம்பு, கருவட்டம், அதுக்கு அடியில இருக்கற சதை, இத எடுக்கணும். மீதி மார்பு அப்படியே இருக்கும். அக்குள்ல ஒரு நெறிகட்டிய மட்டும் எடுத்துப் பாப்போம். புண்ணு ஆறினதும் மூணு வாரம் கதிர்வீச்சு. நல்லபடியா முடியும்னு நெனைக்கறேன்."

அவள் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டாள். "டாக்டர், என் வீட்டுக்காரர் இன்னும் அஞ்சு வாரத்துல வர்றார். மூணு மாசம்தான் இருப்பார். அவர் போனப்புறம் பண்ணிக்கலாமா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நாலு மாசமா? அது குழாய்க்குள்ளயே அதுவரைக்கும் சமத்தா இருக்கும்னு யார் உத்தரவாதம் தருவா? ரெண்டு வாரத்துக்குள்ள பண்ணிடணும்."

"அவர் ஒரு தடவ..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். அவர் ஒருதடவை பார்த்துவிடட்டும் என்று சொல்ல வந்தாள். முன்பின் தெரியாத பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது? ஆனால் டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். "மொதல்ல அதப் பண்ணுங்க."

அடுத்த நாள் காலையில் கப்பலிலிருந்து அழைப்பு வந்தது. நடுக்கடல் தொலைபேசி அது. இங்கே பேசியது அங்கே போய்ச் சேர இரண்டு நொடி ஆகும். அவர் வழக்கம்போல, "என்ன, எல்லாம் நல்லாருக்கா?" என்றார்.

இங்க ஒண்ணுமில்ல என்று சொல்ல நாக்கு தானாக எழும்பியது. அவள் அதை விழுங்கினாள். "ஏங்க, நல்லா இல்ல. அந்தப் புண்ணு ஆறல. அது புத்துநோய்னு சொல்லிட்டாங்க. ஆரம்பத்துலதான் இருக்காம். ஆபரேஷன் பண்ணப் போறாங்க."

இரண்டு நொடி ஆனது. நான்கு ஆனது. எஞ்சினின் உறுமல் மட்டும் கேட்டது.

"ஆறிடுச்சுன்னு சொன்னியே" என்றார் அவர். குரல் குழந்தையின் குரல்போல இருந்தது.

"பொய் சொன்னேன்."

அதற்குமேல் பேச முடியாமல் இணைப்பு அறுந்துவிட்டது. ஆயினும் அவர் கப்பல் அதிகாரியின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, அடுத்த துறைமுகத்திலேயே இறங்கிக்கொண்டார். எவ்வளவு அடித்துப் பிடித்து வந்தும் ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள்தான் வீட்டு வாசலுக்கு வந்து சேர முடிந்தது. கையில் பெட்டியோடு வாசலில் நின்றார். அவள் கதவைத் திறந்தாள். உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்ல வரவில்லை. அவருடைய சட்டையில் இருந்த எஞ்சின் எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. பத்து மாதமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் அந்த வாடையில் உடைந்து, அப்படியே அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அவருடைய வலது தோளில், தன் வலது பக்கம் படாமல்.

அன்று மாலை அவர் பர்சிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். நான்காக மடித்து மடித்து, மடிப்பில் நைந்து போயிருந்தது.

"என்ன இது?"

"போன தடவ போய் மூணாவது மாசம் ஒரு துறைமுகத்துல எறங்கினோம். உனக்கு நல்ல க்ரீமா வாங்கி வரலாம்னு மருந்துக்கடைக்குப் போனேன். கவுண்டர்ல உன்ன மாதிரியே ஒரு அம்மா. கண்ணாடிகூட உன்னுது மாதிரியே மூக்குல எறங்குது. எனக்கு அவங்க பாஷ தெரியாது. அவங்களுக்கு நம்ம பாஷ தெரியாது. என் நெஞ்சத் தொட்டுக் காட்டி, சொறியற மாதிரி செஞ்சு காட்டினேன். அந்த அம்மா சட்டையக் கழட்டுன்னுட்டாங்க."

அவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "கழட்டினீங்களா?"

"ரெண்டு பட்டன் கழட்டிட்டேன். அப்புறம்தான் நம்ம கல்யாணப் போட்டோவக் காட்டி, எனக்கில்ல, இவளுக்குன்னேன். எவ்வளவு நாளான்னு சைகையில கேட்டாங்க. மூணு விரலக் காட்டினேன், மாசம்னு நாள்காட்டியத் தொட்டேன். எடுத்து வெச்ச ட்யூபத் திரும்ப எடுத்து அலமாரியில வெச்சுட்டாங்க. தர மாட்டேன்னுட்டு, இத எழுதி என் கையில திணிச்சாங்க. கப்பலுக்கு வந்து உன்னக் கேட்டேன். ஆறிடுச்சுன்ன. எனக்கும் அப்படியே இருந்துடணும்னு இருந்துச்சு. மடிச்சு உள்ள வெச்சுட்டேன்."

அவள் காகிதத்தைப் பிரித்தாள். கொக்கியும் கோடுமாக என்னவோ ஒரு மொழி. ஓர் எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் என்ன எழுதியிருக்கும் என்று யாரும் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினான்கு வருஷமாகத் தினம் அவள் வாயால் சொல்வதுதானே.

"ஏழு மாசமா பையில வெச்சிருந்தீங்களா?" என்றாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று கத்தினாள். கத்திய பிறகுதான், தான் சொன்ன பொய் நினைவுக்கு வந்து அடங்கினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்.

கட்டைப் பிரிக்கும்வரை அவள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டே இருந்தாள். உடை மாற்றும்போது அவரை வெளியே அனுப்பினாள். ஒருநாள் காலை வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"எனக்குக் காட்டேன்."

"என்னத்தப் பாக்கப் போறீங்க? இருந்தது இல்ல."

"மொதல்ல பாத்தவன் நான்தானே. மூடி மறைச்சுப் பட்டதெல்லாம் போதாதா?"

அவள் வெயிலில் உட்கார்ந்து ரவிக்கையைத் திறந்தாள். காம்பு இருந்த இடத்தில் குறுக்காக ஒரு தையல் கோடு, இன்னும் சிவப்பாக. மார்பு கொஞ்சம் சின்னதாகி, கண் மூடித் தூங்குவதுபோல இருந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார். எண்ணெய்க் கறை போகாத விரலால் கோட்டின் ஓரத்தை, கோட்டைத் தொடாமல், தொட்டார்.

"எஞ்சின் ரூம்ல எத்தனையோ ஒட்டு பாத்திருக்கேன். இது நல்ல கை. பிசிறே இல்ல" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

எடுத்த சதையைப் பரிசோதித்து முடிவு வந்தது. ஓரங்களில் எதுவும் இல்லை. நெறிகட்டியிலும் இல்லை. டாக்டரம்மா, "இன்னும் கொஞ்ச நாள் தடவிட்டே இருந்திருந்தா இத நான் சொல்லியிருக்க முடியுமான்னு தெரியாது" என்றார். தையல் ஆறியதும் மூன்று வாரம் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாள். பதினைந்து நாளும் அவர் கூடவே வந்து, நீல நாற்காலியில் காத்திருந்து, பேருந்தில் கூட்டி வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் பதினைந்து நாள் தொடர்ந்து பேருந்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை. நோய் வந்த வழியில் இப்படி ஒரு சந்தோஷமா என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே சந்தோஷப்பட்டாள்.

அவள் கடைக்குத் திரும்பிய அன்று வேன்காரப் பெண் வந்தாள். முழங்கை ஆறியிருந்தது. டாக்டரிடம் காட்டினாளாம், குளிக்கிற சோப்புதான் காரணமாம். "நீங்க விரட்டினதாலதான்க்கா போனேன்" என்றாள். "எனக்கும் விரட்ட ஒருத்தர் வேண்டியிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அக்கா அலமாரிப் பக்கம் நின்ற முதலாளியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அவர் இருமல் மருந்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

விடுமுறை முடிந்து கப்பல் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. அவர் பெட்டியைக் கட்டிலில் திறந்து வைத்து, ஒவ்வொரு சட்டையாக அடுக்கினார். அடுக்கி முடித்துவிட்டு, பெட்டியை மூடாமல் அவளைப் பார்த்தார். வழக்கமான அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் காத்திருந்தார். அது கேட்டால்தான் அவருக்குக் கால் நகரும்.

அவள் கதவோரம் நின்றாள். சிரித்த முகம் தயாராகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் ஆயிற்றே.

"போகாதீங்க" என்றாள்.

அவருக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். நடுக்கடல் தொலைபேசிபோல, இரண்டு நொடி கழித்துத்தான் முகம் மாறியது.

"இப்படி ஒரு வார்த்த நீ எப்பவுமே சொன்னதில்லையே."

"நீங்க அந்தச் சீட்ட ஏழு மாசம் பையில வெச்சிருந்தீங்க" என்றாள் அவள். "நான் இத இருபத்திரண்டு வருஷமா வெச்சிருந்தேன்."

அவர் பெட்டியின் மேலாக இருந்த சட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி, அலமாரியில் தன் புடவைகளுக்கு நடுவே இல்லாமல், வெளியே கொக்கியில், நாளைக் காலை அவர் எடுத்துப் போட்டுக்கொள்கிற இடத்தில் மாட்டினாள்.